வீடு வாங்கும்போது எந்தச் சதுர அடியைக் கணக்கில் கொள்வது? மும்பை விளம்பரங்கள் சொல்வதும் சொல்லாததும்

மும்பை: செம்பூரில் 1,000 சதுர அடி வீடு, சதுர அடி ரூ.20,000, மாட்டுங்காவில் 650 சதுர அடி வீடு, சதுர அடி ரூ.31,000. இப்படி இரு வீடுகள் விற்பனைக்கு வந்தால், முதலாவதே மலிவு என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே அளவுகோலில் சொல்லப்பட்டவையா என்பதே முதல் கேள்வி.

உதாரணத்துக்கு, செம்பூர் வீட்டின் 1,000 என்பது சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் சுவர்களோடு மாடிப்படி, மின்தூக்கி, முகப்புக் கூடம் போன்ற பொது இடங்களில் ஒரு பங்கும் அதில் அடங்கும். அந்தப் பங்கை நிர்ணயிக்க ஒரே சீரான விதி இல்லை. கட்டுநர் சொல்வதே கணக்கு. பொதுப் பங்கை நீக்கினால் மிஞ்சுவது பில்ட்-அப் ஏரியா. வெளிச்சுவர்களின் தடிமனையும் பால்கனியையும் அதிலிருந்து கழித்தால் கிடைப்பது கார்பெட் ஏரியா. இந்த வீட்டில் அது 620 சதுர அடி எனில், மொத்த விலையான ரூ.2 கோடியை 620-ஆல் வகுக்க, சதுர அடி சுமார் ரூ.32,258 ஆகிறது. மாட்டுங்கா வீட்டின் 650 கார்பெட் ஏரியாவாக இருந்தால், அதுவே மலிவு. இடமும் 30 சதுர அடி கூடுதல்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் கார்பெட் ஏரியாவுக்குத் திட்டவட்டமான வரையறை தந்துள்ளது. வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் பகுதி, தனிப் பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை அதில் சேராது. அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் சேரும். பழைய கட்டடத்தின் மறுவிற்பனையில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. அங்கே உட்சுவர் நீக்கி அளந்திருக்கலாம், அல்லது மூடிய பால்கனியையும் அறையோடு சேர்த்திருக்கலாம். எனவே விற்பவர் சொல்லும் எண்ணைவிட, ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் அளவு நாடாவையும் நம்புவதே உசிதம்.

புதிய திட்டம் என்றால், விளம்பரத்தில் உள்ள மகாரேரா பதிவு எண்ணை maharera.maharashtra.gov.in தளத்தில் இட்டு, அங்கு காணும் பரப்பை ஒப்பந்தத்துடன் ஒப்பிடலாம். ஒப்பந்தத்தில் சதுர மீட்டரில் இருந்தால் 10.764-ஆல் பெருக்க வேண்டும், 57.6 சதுர மீட்டர் என்பது 620 சதுர அடி. மாதிரி ஒப்பந்தப்படி, கட்டி முடித்த பின் 3 சதவீதம் வரையிலான வேறுபாடே ஏற்கப்படும். பரப்பு குறைந்தால் அதற்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என அறிவிக்கப்பட்டுள்ளது. இத்தகைய மறுகுடியமர்வு வீடுகள் கார்பெட் கணக்கில்தான் பேசப்படுகின்றன. அதை வெளியே விற்கும் '500 சதுர அடி' சூப்பர் பில்ட்-அப் வீட்டோடு ஒப்பிடுவோர், கார்பெட்டின் மேல் 60 சதவீதம் ஏற்றப்பட்டிருந்தால் அந்த 500-க்குள் இருப்பது 312 சதுர அடி மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும்.