‘இல்லை’ என்று சொல்ல இடம் விட்டு எழுதுங்கள்

ரொம்ப நாள் தோழியிடம் காதலைச் சொல்ல நினைப்பவர் செய்தியை ராத்திரியெல்லாம் திருத்தித் திருத்தி எழுதுகிறார். அவர் கவலையெல்லாம் தன் மனசு சரியாகப் புரியவேண்டுமே என்பதுதான். ஆனால் நட்பு உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. வேண்டாம் என்று நினைப்பவருக்கு அதைச் சொல்ல வழியே இல்லாதபடி செய்தி அமைந்துவிடுகிறது.

ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 1993-இல் ஒருதலைக் காதலைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காதலித்தவர், மறுத்தவர் என இரு தரப்பு அனுபவங்களையும் எழுதி வாங்கினார்கள். காதலித்தவர்களின் நினைவில் வலியோடு இனிமையும் கலந்திருந்தது. மறுத்தவர்களிடமோ குற்ற உணர்ச்சியும் எரிச்சலும்தான் மிஞ்சியிருந்தன. தெளிவான மறுப்பு தனக்கு வரவே இல்லை என்பது காதலித்தவர்களின் பொதுவான புகார். எப்படி மறுப்பது என்று மறுத்தவர்களுக்குத் தெரியவில்லை. இது நமக்கும் பொருந்தும். எப்படிக் காதலிக்க வேண்டும் என்று நம் சினிமா நூறு விதமாகச் சொல்லித் தந்திருக்கிறது. கௌரவமாக மறுப்பது எப்படி என்று ஒரு காட்சிகூட எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவையில் ஒன்றாகப் படித்து, ஒன்பது வருஷமாக வாடா போடி என்று பேசிக்கொள்ளும் இருவர். அவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவன் முதலில் எழுதியது இப்படி:

“ஒன்பது வருஷமா மனசுல வச்சிருக்கேன்டி. நீ இல்லாம என்னால இருக்க முடியாது. தப்பா நினைக்காதே, நம்ம ஃப்ரெண்ட்ஷிப் மட்டும் போயிடக் கூடாது. ப்ளீஸ், உடனே பதில் சொல்லு.”

படிக்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஒன்பது வருஷமா’ என்றதும் அவள் பழசையெல்லாம் கிளறிப் பார்ப்பாள்: பரீட்சைக்கு நோட்ஸ் கொடுத்தது, பஸ் ஏற்றிவிட்டது எல்லாம் இதற்காகத்தானா? ‘நீ இல்லாம இருக்க முடியாது’ என்றால், மறுத்தால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வரும். நட்பு போகக் கூடாது என்பதும் நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் அதைக் காப்பாற்றும் பொறுப்பு அவள் தலையில் விழுகிறது. ‘உடனே’ என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதையே இப்படி எழுதலாம்:

“ஒரு விஷயம் சொல்லணும்டி. நீ பெங்களூர் போனதுக்கப்புறம்தான் எனக்கே புரிஞ்சது, உன்ன ஃப்ரெண்டா மட்டும் பார்க்க முடியல. உன்ன லவ் பண்றேன். உனக்கும் அப்படி இருந்தா பேசலாம். இல்லேன்னா ‘எனக்கு அப்படி இல்லடா’ன்னு ஒரு வரி போதும், காரணம் வேண்டாம். திரும்பக் கேட்க மாட்டேன். அவசரமில்ல. யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்.”

காதலை மழுப்பாமல் சொல்லியிருக்கிறான். எப்போதிலிருந்து என்றும் சொல்லிவிட்டதால் பழைய வருஷங்கள் கறைபடாமல் இருக்கின்றன. அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்பது வேறு விஷயம். முக்கியமாக, மறுப்பதற்கான வார்த்தையை அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். கூட்டாளிகளுக்குத் தெரியாது என்பதால், அடுத்த கல்யாண வீட்டில் எல்லோரும் தன்னையே பார்ப்பார்களே என்ற கவலையும் அவளுக்கு இல்லை. ‘எது நடந்தாலும் நாம பழையபடி இருப்போம்’ என்று அவன் எழுதவில்லை, கவனியுங்கள். அது அவனால் உறுதியாகத் தரமுடியாத வாக்கு.

அனுப்பிவிட்டுப் பயந்து அழிப்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் அழித்தாலும் அழித்த தடம் நிற்கும். அவள் அதற்குள் படித்தும் இருக்கலாம். பிறகு இருவரும் தெரியாதது மாதிரி நடிக்க வேண்டியிருக்கும். அதைவிட எழுதி வைத்து மறுநாள் பகலில் படித்துப் பார்த்து அனுப்புவது மேல். இருவரும் சேர்ந்து ஊருக்குப் போகவிருக்கும் வாரத்தில் அனுப்பவே வேண்டாம். அசௌகரியமாக இருந்தால் அவளால் ரயிலிலிருந்து இறங்கிப் போகமுடியாது.

பதில் எப்போதும் நேராக வராது. ‘வீட்ல ஒத்துக்கவே மாட்டாங்கடா’ என்று வரலாம். சில சமயம் அது நிஜமான பயம். பல சமயம் மனசு நோகாமல் மறுக்க நம் ஊரில் இருக்கும் வழி அது ஒன்றுதான். ‘வீட்ல நான் பேசறேன்’ என்று அவன் வரிந்துகட்டினால், அவள் அடுத்த காரணம் தேட வேண்டிவரும். இதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வதுதான் சரி. அவளுக்கு விருப்பம் இருந்து வீடுதான் தடை என்றால், அதை அவளே சொல்வாள். வாரக்கணக்கில் பதிலே வராவிட்டாலும் அதே கணக்குதான்.

அப்போது அவன் எழுதவேண்டியது கொஞ்சம்தான்: “சரிடி, புரியுது. கொஞ்ச நாள் அதிகம் பேசமாட்டேன், கோபமெல்லாம் இல்ல.” இதைச் சொல்லாமல் ஒதுங்கினால், மறுத்ததற்குத் தண்டனை என்று அவளுக்குப் படும். திரும்பப் பேசும்போது ‘நம்ம ஓகேதானே?’ என்று ஆரம்பிக்காமல், கிரிக்கெட்டோ பழைய வாத்தியார் ரிட்டயர் ஆன சேதியோ, எப்போதும் பேசுகிற ஏதாவது ஒன்றை எடுக்கலாம்.