பதினெட்டாம் கட்டிலின் உறவினர்

சீனாவில் வேலை பார்க்கும் தம்பிக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பார்க்கப் போய் இறங்கியிருக்கிறீர்கள். அவருடைய நண்பர் வீசாட்டில் ஒரே ஒரு வரி அனுப்புகிறார்: 住院部 神经内科 二病区 18床. கட்டடம், துறை, வார்டு, கட்டில் என்று எல்லாமே அந்த வரியில் இருக்கிறது.

பெரிய மருத்துவமனைகளில் வாசலிலேயே வழி மூன்றாகப் பிரியும். 门诊 புறநோயாளிகளுக்கு; 急诊 அவசர சிகிச்சைக்கு. நீங்கள் போக வேண்டியது 住院部, அதாவது தங்கிச் சிகிச்சை பெறுவோரின் பகுதி. பெரும்பாலும் தனிக் கட்டடம், தனி லிஃப்ட். கூட்டத்தைப் பார்த்து 门诊 பக்கம் போய் 挂号 என்ற பலகையின் கீழ் வரிசையில் நிற்காதீர்கள். அது டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கும் இடம்.

அடுத்தது துறை. துறைப் பலகைகள் பெரும்பாலும் 科 என்ற எழுத்தில்தான் முடியும். அதற்கு முன்னால் 内 இருக்கிறதா, 外 இருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. 内科 என்றால் மருந்தாலும் பிற முறைகளாலும் குணப்படுத்தும் பொது மருத்துவப் பக்கம்; 外科 என்றால் அறுவை சிகிச்சைப் பக்கம். சட்டத்துக்குள் ஓர் ஆள் நிற்பதுபோல் இருந்தால் 内. இந்த ஓர் எழுத்து மாறினால் வேறு மாடிக்குப் போய்விடுவீர்கள். தம்பி இருப்பது 神经内科, நரம்பியல். மூளையில் ரத்தம் கசிந்து அறுவை தேவைப்பட்டிருந்தால் 神经外科 ஆகியிருக்கும். இதயத்துக்கும் இதே பிரிவினைதான். ஸ்டென்ட் வைத்தவரை 心内科-இல் தேடுங்கள். பைபாஸ் செய்துகொண்டவரை 心外科-இல்.

ஒரே துறைக்குப் பல வார்டுகள் இருக்கலாம். 二病区 என்பது இரண்டாவது வார்டு. 一, 二, 三 ஆகியவற்றில் கோடுகளை எண்ணினாலே போதும். வார்டுக்குள் நுழைந்ததும் 护士站 என்ற பலகை தெரியும். நர்ஸ்கள் உட்காரும் மேசை அது. அங்கே பெயரைச் சொல்லித் திணறுவதைவிட "ஷிபா ச்சுவாங்" என்று சொல்லுங்கள். 18床 என்பதன் உச்சரிப்பு இது, பதினெட்டாம் கட்டில். வார்டின் அன்றாடப் பேச்சில் நோயாளிக்குக் கட்டில் எண்தான் பெயர். உங்களையும் "ஷிபா ச்சுவாங் ஜியாஷு", அதாவது பதினெட்டாம் கட்டிலின் குடும்பத்தார் என்றே கூப்பிடுவார்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. இடம் போதாமல் நடைபாதையில் போட்ட கட்டிலுக்கு 加3 என்று எண் இருக்கலாம். 3-ஆம் கட்டிலில் இருப்பவர் வேறு, 加3-இல் இருப்பவர் வேறு.

இனி கட்டில் தலைமாட்டு அட்டை. இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுவார்கள். 一级护理 என்பதை யாராவது 'முதல் நிலைப் பராமரிப்பு' என்று மொழிபெயர்த்துச் சொன்னால் அதிகக் காசு கட்டிய உயர்வகுப்பு என்று தோன்றும். உண்மையில் அது நோயின் தீவிரத்தையும் நோயாளி தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா என்பதையும் வைத்துக் கொடுப்பது. முதல் நிலையில் மணிக்கொரு முறை நர்ஸ் வந்து பார்க்க வேண்டும். இரண்டாம் நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மூன்றாம் நிலையில் மூன்று மணிக்கு ஒரு முறை. இவற்றுக்கெல்லாம் மேலே 特级 இருக்கிறது, இடைவிடாத கண்காணிப்பு. 一级 போய் 二级 வந்தால் தம்பி தேறுகிறார் என்று பொருள். தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அதே அட்டையிலோ பக்கத்துப் பலகையிலோ உணவுக் குறிப்பு இருக்கும். 普食 சாதாரணச் சாப்பாடு, 半流质 கஞ்சி பதம், 流质 திரவம் மட்டும். 禁食 என்றிருந்தால் எதுவும் சாப்பிடக் கூடாது. 禁食禁水 என்றால் தண்ணீரும் கூடாது. பக்கவாத நோயாளிக்கு 鼻饲 என்று எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. மூக்கு வழிக் குழாயில் உணவு கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாததால், வாயில் ஊற்றும் ஒரு மடக்குத் தண்ணீர்கூட மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடலாம். பாசத்தோடு கொண்டுபோன ரசம் கேரியரிலேயே இருக்கட்டும். 过敏 என்ற சொல் ஒவ்வாமையைக் குறிக்கும். தம்பிக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்று உங்களுக்குத் தெரிந்து, அட்டையில் அந்தச் சொல்லே இல்லாவிட்டால், உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டால் அதில் 病重 இருக்கிறதா 病危 இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது, நோய் கடுமையாக இருக்கிறது என்பது. இரண்டாவது, உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பது. 病危 என்று கண்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊருக்குப் போன் போட வேண்டியதில்லை. நிலைமையைக் குடும்பத்துக்குத் தெரிவித்தோம் என்பதற்கான பதிவு அது, சிகிச்சை தொடரும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், மொழி தெரிந்த ஒருவரை அழைத்து டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போது எது மோசமாகியிருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறார்கள், எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள்.