ஒரே அழுத்தம், மூன்று எண்கள்

பிளஸ் ஒன் வேதியியலில் அடிக்கடி வரும் கணக்கு இது. 2 லிட்டர் குடுவையில் 300 கெல்வின் வெப்பநிலையில் நைட்ரஜன் வாயு இருக்கிறது. அழுத்தம் 0.75 வளிமண்டலம் (atm). நைட்ரஜனின் நிறை என்ன? சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: PV = nRT. தெரிந்தும் மதிப்பெண் போவது அலகு மாற்றத்தில்தான்.

முதலில் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் டாரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தார். பாதரசம் முழுதும் இறங்கிவிடவில்லை. ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டது. வெளியே உள்ள காற்று கிண்ணத்தை அழுத்தித் தாங்கிய உயரம் அது. 760 மி.மீ. பாதரசம் (mmHg) என்பது அப்படி வந்த அளவு.

பாஸ்கல் (Pa) வேறு வகை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நியூட்டன் விசை. நூறு கிராம் எடையுள்ள ஒரு கொய்யாவை ஒரு சதுர மீட்டர் முழுக்கப் பரப்பினால் ஏறக்குறைய அவ்வளவுதான். அலகு இத்தனை சிறியதாக இருப்பதால்தான் எண் பெரிதாகிறது: 1 வளிமண்டலம் = 1,01,325 பாஸ்கல். பாதரசத் தூணின் உயரத்தை அதன் அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கிப் பாருங்கள்: 0.76 × 13,595 × 9.807. ஏறக்குறைய இதே எண்தான் கிடைக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். 0.75ஐ 760ஆல் பெருக்கினால் 570 மி.மீ. பாதரசம். 1,01,325ஆல் பெருக்கினால் சுமார் 76,000 பாஸ்கல். கொடுத்த அழுத்தம் 1 வளிமண்டலத்துக்குக் குறைவு. ஆகவே விடைகள் 760க்கும் 1,01,325க்கும் கீழேதான் இருக்க வேண்டும். பெருக்குவதற்குப் பதில் வகுத்திருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

R = 8.314 என்று போடுகிறவர் அழுத்தத்தைப் பாஸ்கலிலும் கனஅளவைக் கன மீட்டரிலும் எழுத வேண்டும். 2 லிட்டர் என்பது 0.002 கன மீட்டர்.

n = (76,000 × 0.002) ÷ (8.314 × 300) = 0.061 மோல்

28ஆல் பெருக்கினால் 1.7 கிராம் நைட்ரஜன்.

பலர் 8.314ஐ எழுதிவிட்டு, அழுத்தத்தை 0.75 என்றும் கனஅளவை 2 என்றும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். விடை 0.017 கிராம் என்று வரும். ஏறக்குறைய நூறு மடங்கு குறைவு. அலகு மாற்ற விருப்பமில்லை என்றால் R = 0.0821 எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வளிமண்டலமும் லிட்டரும்தான் பொருந்தும். விடை அதே 1.7 கிராம்.

ஆகவே R மதிப்பை எழுதும்போதே அதன் அலகையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அழுத்தத்தை எதற்கு மாற்ற வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.