இன்டென்ட் போடாமலே வரும் டேங்கர்

பெரிய மருத்துவமனைகளின் பின்வாசல் பக்கம் போனால், கம்பிவேலிக்குள் உயரமான வெள்ளை டேங்க் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது திரவ ஆக்சிஜன். வார்டில் நோயாளியின் தலைமாட்டுச் சுவரில் உள்ள குழாய்க்கு வாயு இங்கிருந்துதான் போகிறது. சில நாட்களுக்கு ஒருமுறை டேங்கர் லாரி வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். பல இடங்களில் அந்த லாரியை மருத்துவமனையில் யாரும் கூப்பிடுவதில்லை. ஸ்டோர்ஸிலிருந்து இன்டென்ட் போவதில்லை, போனும் போவதில்லை. டேங்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வாயு நிறுவனமே தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்கிறது. எப்போது, எவ்வளவு அனுப்புவது என்று முடிவு செய்வதும் அதுதான்.

வணிக உலகில் இதை வெண்டார் மேனேஜ்டு இன்வென்டரி, சுருக்கமாக வி.எம்.ஐ. என்பார்கள். வாங்குபவர் இடத்தில் உள்ள சரக்கை விற்பவரே கண்காணித்து நிரப்பும் முறை. மளிகை, ஸ்க்ரூ, போல்ட், டயப்பர் என்று பலவற்றுக்கும் இது உண்டு. ஆனால் இந்த முறையின் பலமும் பலவீனமும் ஆக்சிஜன் டேங்கில் தெரிகிற அளவுக்கு வேறு எதிலும் தெரியாது என்பது என் எண்ணம். மளிகை தீர்ந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். இங்கே நோயாளி எங்கே போவார்?

முதலில் டேங்கைப் பற்றிக் கொஞ்சம். ஆக்சிஜன் திரவமாக இருக்க மைனஸ் 183 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். அதற்காக டேங்குக்கு ஃப்ளாஸ்க் போல இரண்டு சுவர். நடுவில் பெர்லைட் தூளை நிரப்பிக் காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 860 லிட்டர் வாயு கிடைக்கும். ஆவியாக்கும் வேலையைப் பக்கத்தில் நிற்கும் வேப்பரைசர் செய்கிறது. அலுமினியத் தகடுகள் பொருத்திய குழாய்க் கூட்டம் அது. தனியாக அடுப்போ மின்சாரமோ இல்லை, நம் ஊர்க் காற்றின் சூடே போதும். அந்தத் தகடுகளில் எப்போதும் பனி படிந்திருக்கும்.

டேங்கில் ஒரு லெவல் கேஜ் உண்டு. அடியில் உள்ள அழுத்தத்துக்கும் மேலே உள்ள அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை வைத்துத் திரவத்தின் அளவைச் சொல்கிற கருவி. அந்த அளவையும் டேங்கின் அழுத்தத்தையும், சிம் கார்டு போட்ட ஒரு சிறு பெட்டி குறிப்பிட்ட இடைவெளியில் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். விற்பவர் பார்க்கிறார் என்று சொல்வதெல்லாம் இந்த இரண்டு எண்களைத்தான். அவருக்குத் தெரிவது அவ்வளவே. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பிறகு தேவைப்படும்.

நிறுவனத்துக்கு இதில் என்ன ஆதாயம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை.

முதல் மருத்துவமனையில் 10,000 லிட்டர் டேங்க். ஒரு நாள் செலவு 800 லிட்டர். திங்கள் காலை 5,000 லிட்டர் இருக்கிறது. 2,500 லிட்டருக்குக் கீழே போகவிடக் கூடாது என்பது ஒப்பந்தம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் இரண்டாவது மருத்துவமனை. அங்கே 6,000 லிட்டர் டேங்க், ஒரு நாள் செலவு 500, திங்கள் காலை இருப்பு 3,200, குறைந்தபட்ச அளவு 1,500. இருவரும் அவரவர் சௌகரியத்துக்கு ஆர்டர் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் மருத்துவமனை பாதி டேங்க் காலியானதைப் பார்த்துவிட்டுத் திங்களே அனுப்பச் சொல்லும். இரண்டாவது மருத்துவமனையின் ஸ்டோர்ஸ்காரர் புதன்கிழமை மாலை பதறிப்போய்ப் போன் செய்வார். ஒரே சாலையில் லாரி இரண்டு முறை ஓட வேண்டும், இரண்டு முறையும் அரைகுறைச் சுமையோடு.

இரண்டு டேங்கும் ஒரே திரையில் தெரிந்தால் கதை வேறு. இரண்டுமே வியாழன் வரை தாங்கும் என்பது திங்கள் காலையே தெரிந்துவிடுகிறது. புதன் காலை ஒரு டேங்கர் புறப்படுகிறது. முதல் டேங்கில் அப்போது 3,400 லிட்டர். 9,500 வரை நிரப்ப 6,100 லிட்டர் பிடிக்கும் (விளிம்பு வரை நிரப்ப மாட்டார்கள், ஆவிக்கு இடம் வேண்டும்). இரண்டாவதில் 2,200; 5,700 வரை நிரப்ப 3,500 லிட்டர். டேங்கரின் கொள்ளளவு 14,000 லிட்டர் என்றால் மிச்சம் 4,400. அதே வழியில் வெல்டிங்குக்கு ஆக்சிஜன் வாங்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தால் அங்கே இறக்கிவிட்டு லாரி காலியாகத் திரும்பும். ஒரே நடை.

இதைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியவர்களில் அமெரிக்காவின் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் முக்கியமானது. வாடிக்கையாளர் டேங்குகளில் எவ்வளவு இருக்கும் என்று கணித்து, அதற்கு ஏற்ப லாரிகளின் வழியைக் கணினியே வகுக்கும் ஏற்பாட்டை 1981 அக்டோபரில் தொடங்கினார்கள். இயக்கச் செலவில் 6 முதல் 10 சதவீதம் வரை மிச்சமானதாக 1983-ல் வெளியான கட்டுரையில் அதை உருவாக்கியவர்கள் எழுதினார்கள். டேங்க் லெவலும் லாரியின் பாதையும் ஒரே கணக்கு என்று அவர்கள் கண்டதுதான் இதில் பெரிய விஷயம். ஆர்டர் வரும்வரை காத்திருக்கிற நிறுவனத்தால் அந்தக் கணக்கைப் போடவே முடியாது.

வாங்குபவருக்கும் லாபம் உண்டு. லெவல் பார்த்து, ஆர்டர் போட்டு, பின்தொடரும் வேலை குறைகிறது. இருந்தாலும் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்க முடியாது. ஒன்று, வந்த அளவைச் சரிபார்ப்பது. நிரப்புவதற்கு முன்னும் பின்னும் கேஜைப் படித்து, லாரியின் மீட்டரோடோ எடைமேடைச் சீட்டோடோ ஒப்பிட வேண்டும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 1.14 கிலோ. ஹோஸ் குளிரும்போது கொஞ்சம் ஆவியாகும் என்பதால் எண்கள் அச்சுப் பிசகாமல் பொருந்தாது. ஆனால் வித்தியாசம் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாவது, குறைந்தபட்ச அளவு. சிக்கலெல்லாம் இதில்தான் தொடங்குகிறது. 2,500 லிட்டர் என்று ஒப்பந்தத்தில் எழுதும்போது எல்லோர் மனதிலும் இருப்பது ‘மூன்று நாள் கையிருப்பு’. ஒரு நாளுக்கு 800 லிட்டர் என்றால் அது சரி. செலவு மாறினால்?

சாதாரண முகக்கவசத்தில் நிமிடத்துக்கு 5 லிட்டர் வாயு பெறும் நோயாளி ஒரு நாளில் செலவழிப்பது எட்டரை லிட்டர் திரவம்கூட இல்லை. ஹை ஃப்ளோ கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் சுத்த ஆக்சிஜன் பெறுபவருக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டர் திரவம் வேண்டும். பதினாறு படுக்கைகளுக்குப் புதிதாக அந்தக் கருவியைப் பொருத்தினால், படுக்கைகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாமலே, நாள் செலவு 800-லிருந்து ஏறக்குறைய 2,400 ஆகிவிடும். மூன்று நாள் கையிருப்பு ஒரே நாள் கையிருப்பாகிறது. நிறுவனத்தின் திரையில் அந்த எண் இன்னும் எல்லைக்கு மேலேதான் இருக்கும், பச்சையாகவே தெரியும்.

விற்பவருக்கு லெவல் தெரியும், வார்டு தெரியாது. கோடு செங்குத்தாக இறங்குவதை அவர் சில மணி நேரத்தில் கவனிக்கக்கூடும். ஆனால் அந்த லாரி அப்போது வேறு ஊரில் நின்றால் கவனித்தும் பயன் இல்லை. புதிய ஐ.சி.யூ. திறக்கப்போகிறது என்பதை மருத்துவமனைதான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வி.எம்.ஐ. வந்த பிறகு முதலில் மறந்துபோவது இந்தப் பழக்கம்தான். ஆர்டர் போடுகிற வேலை போனதும், சொல்ல வேண்டிய சேதியும் கூடவே போய்விடுகிறது.

திரையே பொய் சொல்வதும் உண்டு. சிக்னல் அறுந்தால் சில ஏற்பாடுகளில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். கேஜுக்குப் போகும் மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டாலோ கசிந்தாலோ லெவல் தவறாகத் தெரியும். கண்டுபிடிப்பது கடினமில்லை: ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனையின் கோடு இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் படுத்திருக்கும் கோடு நல்ல செய்தி அல்ல. அதனால்தான் ஷிஃப்டுக்கு ஒருமுறை ஒருவர் நேரில் போய்க் கேஜைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவதை நல்ல மருத்துவமனைகள் கைவிடுவதில்லை.

டேங்க் நிறைய இருந்தும் வார்டில் அழுத்தம் குறைவதும் நடக்கிறது. வேப்பரைசர் மணிக்கு இவ்வளவு வாயுதான் தரும் என்று ஓர் அளவு உண்டு. 800 லிட்டர் செலவில் மணிக்குச் சுமார் 29 கன மீட்டர் வாயு போதும். 2,400 லிட்டர் என்றால் 86 வேண்டும். ஐம்பதுக்கு வாங்கிய வேப்பரைசர் அதற்கு ஈடு கொடுக்காமல் பனிக்கட்டியால் மூடிக்கொள்ளும். பனி கட்டக் கட்டக் காற்றின் சூடு உள்ளே போகாது. இதற்கு இன்னொரு டேங்கர் அனுப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை. லெவலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

2021 ஏப்ரலும் மே மாதமும் இந்த முறையின் எல்லையைக் காட்டின. விற்பவர் நிரப்புவார் என்றால் விற்பவரிடம் சரக்கும் லாரியும் இருக்க வேண்டும். ஆக்சிஜன் உற்பத்தியின் பெரும்பங்கு கிழக்கு மாநிலங்களின் உருக்காலைகளில். தேவையோ டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும். ஏப்ரல் 19 அன்று மும்பை அருகே கலம்போலியிலிருந்து காலி டேங்கர்களை ரயிலில் ஏற்றி விசாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். விமானப்படையும் காலி டேங்கர்களைச் சுமந்தது. நைட்ரஜன், ஆர்கான் லாரிகள் ஆக்சிஜன் லாரிகளாக மாற்றப்பட்டன. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை மத்திய அரசு ஒதுக்கத் தொடங்கியதும், லாரியை எங்கே அனுப்புவது என்ற முடிவு நிறுவனத்தின் கையை விட்டுப் போனது. மருத்துவமனைகள் சமூக வலைதளங்களில் இரவோடு இரவாக உதவி கேட்டன. அந்த நேரத்தில் யாருடைய குரல் பெரிது என்பதைவிட, யாருடைய டேங்க் எத்தனை மணிக்குக் காலியாகும் என்பதுதான் சரியான வரிசையைத் தந்திருக்கும். டெலிமெட்ரி பொருத்திய டேங்குகளுக்கு அந்தப் பதில் திரையிலேயே இருந்தது.

அதே ஏப்ரல் 21 அன்று நாசிக்கில், மாநகராட்சி மருத்துவமனையின் டேங்கில் கசிவு ஏற்பட்டு வார்டுகளுக்கு ஆக்சிஜன் தடைபட்டது. இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அங்கே டேங்கர் வந்து சேர்ந்திருந்தது. நிரப்புவது ஒருவர் பொறுப்பு, டேங்கின் பராமரிப்பு இன்னொருவர் பொறுப்பு, நோயாளி மூன்றாமவர் பொறுப்பு என்று பிரிந்து கிடக்கும் இடங்களில், வால்வு உடைந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் எதை யார் மூடுவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் சிலிண்டர் வரிசை. டேங்க் நின்றால் தானாகத் திறந்துகொள்ளும்படி அதைக் குழாயோடு இணைத்திருப்பார்கள். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 7 கன மீட்டர் வாயு. நம் முதல் மருத்துவமனையில் நாற்பது சிலிண்டர்கள் இருந்தால் 280 கன மீட்டர். வழக்கமான நாளில் ஒன்பதரை மணி நேரம் ஓடும். ஹை ஃப்ளோ படுக்கைகள் நிரம்பிய நாளில் மூன்றேகால் மணி நேரம். டேங்கர் புறப்படும் ஆலை நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்றால், ஒப்பந்தத்தில் 2,500 என்று எழுதியிருக்கும் எண்ணை லிட்டரில் அல்ல, மணி நேரத்தில் மாற்றி எழுதச் சொல்லி வாங்குபவர் கேட்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. கூடுதல் லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்றுதான் பேசுவார்கள்.