‘இருந்தாலும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

பத்தாம் வகுப்புக்கு 9 ஆண்டுகள் கணக்கு நடத்திய ஓர் ஆசிரியை, மென்பொருள் சோதனையாளர் வேலைக்காகத் தயாரித்த ரெஸ்யூமேயை என்னிடம் கொண்டுவந்தார். மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பெயருக்குக் கீழே ‘சம்மரி’ என்று மூன்று நான்கு வரி போடுவார்களே, அதை முதலில் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“9 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தாலும், கணினித் துறையில் தீராத ஆர்வம் கொண்டவள். முறையான கணினிப் பட்டம் இல்லாவிட்டாலும் விரைவில் கற்றுக்கொள்வேன். ஒரு வாய்ப்புக் கொடுத்தால் என்னை நிரூபிப்பேன்.”

மூன்று வாக்கியங்களில் ஒரு வேலைகூட இல்லை. ‘இருந்தாலும்’ என்று தொடங்கியதுமே 9 ஆண்டுப் பணி ஒரு குறையாகிவிட்டது. யாரும் கேட்காத பட்டத்தை ‘இல்லாவிட்டாலும்’ என்று அவரே நினைவூட்டுகிறார். கடைசி வாக்கியம் தயவு கேட்கிறது. ஆர்வத்தைச் சரிபார்க்க வழி கிடையாது. செய்த வேலையைச் சரிபார்க்கலாம். ரெஸ்யூமேக்களைப் பிரிப்பவர் தேடுவது அதைத்தான்.

“என்ன செய்திருக்கிறீர்கள் டீச்சர்?” என்று கேட்டேன்.

“பெரிசா ஒண்ணும் இல்ல சார். எங்க ஸ்கூலுக்கு ஒரு மார்க் லிஸ்ட் புரோகிராம் எழுதினேன்.”

கிளறக் கிளற விஷயம் வந்தது. பள்ளியில் பத்தாம் வகுப்பு 5 பிரிவு, மொத்தம் 200 மாணவர்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் ஆசிரியர்கள் தரும் மதிப்பெண்களைத் தொகுக்க இரண்டு நாள் ஆகுமாம். இவர் பைத்தானில் எழுதிய நிரல் அதை அரை மணி நேரமாக்கியிருக்கிறது. 6 ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. தேர்வுக்கு வராத மாணவனுக்கு `AB` என்று போடுவார்கள். அதை நிரல் 0 என்று எடுத்துக்கொண்டால் வகுப்புச் சராசரி பொய்யாகக் குறைந்துவிடும். மதிப்பெண் கட்டத்தைச் சும்மா விட்டால் அது வராததா, திருத்தாததா என்று தெரியாது. 100-ஐ ஏற்க வேண்டும், 101-ஐத் தடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். 100, 101 என்று போட்டுப் பார்த்ததைத்தான் எல்லை மதிப்புகளைச் சோதிப்பது என்று இந்தத் துறையில் சொல்கிறார்கள். தான் சோதனை வேலை செய்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

“மென்பொருள் சோதனையாளர்; பைத்தான், எஸ்.க்யூ.எல். பயன்படுத்துபவர். 200 மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் நிரலை எழுதிச் சோதித்தவர். 6 ஆசிரியர்கள் பயன்படுத்தும் அந்த நிரல், இரண்டு நாள் வேலையை அரை மணி நேரமாகக் குறைத்தது. விடுபட்ட, எல்லை மீறிய, தவறான உள்ளீடுகளைக் கண்டுபிடிப்பதில் பயிற்சி உள்ளவர். 9 ஆண்டுகள் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியை.”

அவர் தயங்கினார். “அந்த வேலையே இன்னும் கிடைக்கலையே, சோதனையாளர்னு போடலாமா சார்?”

நியாயமான கேள்வி. எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ன பதவியில் இருந்தார் என்பது கீழே அனுபவப் பகுதியில் தேதியோடு இருக்கிறது. அதனால் யாரும் ஏமாறப்போவதில்லை. சம்மரியின் முதல் சொல், எந்த வேலைக்கு வருகிறார் என்பதைச் சொல்கிறது. அதற்கு ஆதாரம் அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாதவர் அந்தச் சொல்லைப் போடக்கூடாது. முதலில் சின்னதாக ஒன்றைச் செய்து முடித்துவிட்டு வரலாம்.

கற்பித்தல் வரி கடைசியில், ‘ஆலும்’ இல்லாமல், வெறும் தகவலாக நிற்பதைக் கவனியுங்கள். அதை மறைத்தால் 9 ஆண்டு இடைவெளி என்ற சந்தேகம் வரும். ஏன் விட்டார் என்பதை இங்கே எழுத வேண்டாம். நேர்காணலில் கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்.

இன்னொரு பக்கமும் சிலர் சாய்கிறார்கள். வகுப்பறையை ‘40 பேர் குழுவின் தலைமை’ என்று எழுதுகிறார்கள். படிப்பவர் அதன்பின் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார். ஆசிரியப் பணி ஆண்டுகளை ஐ.டி. அனுபவமாக மாற்றிக் காட்டச் சொல்லும் ஆட்களும் உண்டு. அது பொய். வேலையில் சேரும்போது செய்யும் பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனத்தின் கடிதங்களும் பி.எஃப். கணக்கும் பார்க்கப்படலாம். அங்கே மாட்டினால் கையில் கிடைத்த வேலையும் போகும்.

புதிய சம்மரியோடு போன நேர்காணலில் அவரிடம் முதலில் கேட்டது, விடுபட்ட உள்ளீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன என்றுதானாம். `AB` கதையை விளக்கவே இருபது நிமிடம் ஆனது என்றார்.