ஐம்பத்தொரு இலட்சம் எங்கே போனது?

சாவகச்சேரிச் சந்தையை ஒட்டிக் கண்டி வீதியில் ஒரு கட்டடப் பொருள் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சீமெந்து, கம்பி, குழாய், வர்ணம் விற்கிறார்கள். பின்வளவில் சீமெந்துக் கல் அரியும் இயந்திரமும் உண்டு. கடையும் முதலாளியும் என் கற்பனை. அவர்கள் அகப்பட்ட காலம் அப்படியல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தாண்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. சரக்கின் விலை ஏறியது, வீடு கட்டுவோர் வேலையை நிறுத்தினார்கள், கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த பின்திகதிக் காசோலைகள் திரும்பின. 2023 மார்ச் 31 அன்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

இப்படிப்பட்டவர் நீதிமன்றத்தை நாடினால், இங்கே இன்னும் கைகொடுப்பது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம். அதன் வழியில் மாவட்ட நீதிமன்றம் அவருடைய சொத்தை ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும். கணக்காளர் இரண்டு தாள்கள் தயாரிக்க வேண்டும். ஒன்று நிலைமைக் கூற்று: இன்றைக்கு எல்லாவற்றையும் விற்றால் என்ன தேறும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று அது சொல்லும். மற்றது குறைவுக் கணக்கு: துண்டு விழுந்த காசு எந்த வழியால் போனது என்று அது சொல்லும்.

ஐந்தொகையில் இருக்கும் தொகைகளை நிலைமைக் கூற்று அப்படியே ஏற்பதில்லை. நம்முடைய கடையில் சரக்கு ஏட்டின்படி 40 இலட்சம்; இறுகிப்போன சீமெந்தும் துருவேறிய கம்பியும் போக 24 தான் தேறும். கடனுக்குக் கொடுத்த 18 இலட்சத்தில் 10 இலட்சமே வரும். இறாக்கைகளும் தளபாடமும் 4 இலட்சம் என்று எழுதியிருந்தாலும் ஏலத்தில் ஒன்றுக்குத்தான் போகும். கையில் ஒரு இலட்சம் காசு. முதலாளி பெயரில் தகப்பன் வழியாக வந்த முதுசக் காணி ஒன்று 8 இலட்சம் பெறும். அது கடையின் ஏட்டில் இல்லை. ஆனாலும் தனி வியாபாரியின் கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பு என்பதால் அதையும் சேர்க்கவேண்டும்.

அவர் குடியிருக்கும் வீடோ மனைவியின் சீதனம். தேசவழமைப்படி சீதனம் மனைவியின் தனிச் சொத்து. அவள் கையெழுத்திட்டு ஈடு வைத்திருந்தாலொழிய, கணவனின் கடன்காரர் அதைத் தொட முடியாது. உறுதியை எடுத்து யார் பெயரில், எந்த ஆண்டில், எந்த வகையில் எழுதியிருக்கிறது என்று பாராமல் கூற்றை எழுதக்கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு கணவனின் உழைப்பில் வாங்கி மனைவி பெயரில் எழுதிய காணியைச் சீதனம் என்று சொல்லி ஒளிப்பதும், உண்மையான சீதனத்தைக் கடன்காரர் அபகரிக்கப் பார்ப்பதும் இந்த இடத்தில்தான் நடக்கும்.

இனி ஈடு பெற்றவர்கள். வங்கிக்கு 50 இலட்சம் கடன். கடைக் கட்டடமும் காணியும் ஈடு. ஏட்டில் 45 இலட்சம் என்றிருந்தாலும் இன்றைய விலை 60. வங்கி தன் கடனை எடுத்தபின் 10 இலட்சம் மிஞ்சி மற்றவர்களுக்கான பொதுத் தொகையில் சேரும். நிதிக் கம்பனிக்கு 20 இலட்சம். அதற்கு ஈடு கல் அரியும் இயந்திரம். ஏட்டில் அதுவும் 20, விற்றால் 12. மீதி 8 இலட்சத்துக்கு நிதிக் கம்பனி ஈடில்லாத கடன்காரரோடு வரிசையில் நிற்கவேண்டும். ஈட்டின் பெறுமதிக்கு மேல் ஒரு சதத்துக்கும் அதற்குத் தனி உரிமை கிடையாது.

சரக்கு, வரவேண்டிய கடன், தளபாடம், காசு, முதுசக் காணி, வங்கியிடம் மிஞ்சியது எல்லாம் சேர்ந்து 54 இலட்சம். இதிலிருந்து ஊழியரின் சம்பள நிலுவை போன்ற, சட்டம் முன்னுரிமை தரும் 3 இலட்சம் முதலில் போகும். மிச்சம் 51. காத்திருப்போரின் கடனோ 102: கொழும்பு வியாபாரிகளுக்கு 78, உறவினரிடமும் அயலவரிடமும் வாங்கிய கைமாற்று 16, நிதிக் கம்பனியின் மீதி 8. ரூபாவுக்கு 50 சதம். பங்கீட்டுச் செலவு கழிந்தால் அதுவும் குறையும்.

இந்த ஐம்பது சதம் எல்லோருக்கும் ஒரே விகிதம். கொழும்புக்காரருக்கு 39, கைமாற்றுக்காரருக்கு 8, நிதிக் கம்பனிக்கு 4. முதலில் சத்தம் போட்டவருக்கோ நெருங்கிய சொந்தத்துக்கோ கூடுதல் இல்லை. ஆனால் கடனை நிரூபித்தவருக்குத்தான் பங்கு. கைமாற்றுக்காரர் அடிபடுவது இங்கேதான். மைத்துனர் நம்பிக்கையில் கொடுத்த மூன்று இலட்சத்துக்குப் புறோநோட்டும் இல்லை, வங்கி வழியாகக் கைமாறிய பதிவும் இல்லை என்றால், மற்றக் கடன்காரர் அதை மறுக்கும்போது அவரால் பதில் சொல்ல முடியாது. இதைத் தெரிந்துகொண்டுதான் சில முதலாளிகள் கடை மூடுவதற்கு முதல் வாரம் சொந்தக்காரருக்கு மட்டும் காசைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அன்பினால் செய்ததாக இருந்தாலும், அந்தக் காசு மற்றவர்களின் பங்கிலிருந்து போனது. பொறுப்பாளர் அதைக் கேள்விக்குட்படுத்தலாம்.

துண்டு விழுந்தது 51 இலட்சம். ‘டொலர் என்னை அழித்துவிட்டது’ என்கிறார் முதலாளி. குறைவுக் கணக்கு அந்தச் சொல்லைச் சோதிக்கிறது. 2020 ஏப்ரலில் கடைக் கணக்கில் அவருடைய முதல் 32 இலட்சம். முதலாண்டு இலாபம் 9. ஏட்டில் இல்லாத முதுசக் காணி 8. கட்டடம் ஏட்டை விடக் கூடுதலாகப் பெறுவது 15. இவற்றோடு குறைவு 51ஐயும் கூட்டினால் 115 இலட்சம். இவ்வளவுக்கும் அவர் கணக்குக் காட்டவேண்டும்.

அடுத்த இரண்டு ஆண்டுகளின் வியாபார நட்டம் 18உம் 30உம், ஆக 48. சரக்கு, வரவேண்டிய கடன், இயந்திரம், தளபாடம் ஆகியவற்றை விற்பதில் குறைவது 35. மிச்சம் 32 இலட்சம் எடுப்பனவு: மூன்று ஆண்டு வீட்டுச் செலவு 14, மகளின் கல்யாணத்துக்குக் கடையிலிருந்து எடுத்தது 18. கூட்டினால் 115, கணக்குச் சரி. கூட்டல் சரிவராமல் ஐந்து இலட்சம் இடித்தால், ஒன்றில் எழுதாத விற்பனை இருக்கிறது, அல்லது சொல்லாத கடனோ மறைத்த சொத்தோ இருக்கிறது. அந்த இடைவெளியை ‘சில்லறைச் செலவு’ என்று நிரப்பும் கணக்காளர் தன் வேலையைச் செய்யவில்லை.

முதலாளி சொன்னது பொய்யில்லை. பெரும்பகுதி காலத்தின் அடிதான். ஆனால் கல்யாணம் நடந்தது 2022 கடைசியில் என்றால் நிலைமை வேறு. காசோலைகள் திரும்பத் தொடங்கிய பிறகு எடுத்த 18 இலட்சம் அது. 1853இன் சட்டம் வங்குரோத்துக்காரருக்குக் கொடுக்கும் சான்றிதழை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது: தவிர்க்க முடியாத நட்டத்தால் வீழ்ந்தவருக்கு முதலாம் வகுப்பு, ஓரளவே அப்படி வீழ்ந்தவருக்கு இரண்டாம் வகுப்பு, அப்படி அல்லாதவருக்கு மூன்றாம் வகுப்பு. 2021 தை மாதக் கல்யாணமா, 2022 கார்த்திகைக் கல்யாணமா என்ற ஒரு திகதி அந்த வகுப்பையே மாற்றிவிடக்கூடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வங்கியின் பக்கம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் தவறினால் ஈட்டுச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் போடலாம். ‘பராட்டே’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2022இன் பின் வியாபாரிகள் எழுப்பிய குரலால் 2024இல் அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீடித்தது. நம்முடைய கடையில் அதன் விளைவைப் பார்க்கலாம். 60 இலட்சக் கட்டடம் அவசர ஏலத்தில் 50க்குப் போனால் வங்கிக்கு ஒரு சதமும் நட்டமில்லை. பொதுத் தொகையில் சேரவேண்டிய 10 இலட்சம் மட்டும் இல்லாமற்போகும். 51 என்பது 41 ஆகும். ஐம்பது சதம் ஏறக்குறைய நாற்பதாகும். ஆகவே ஏல அறிவித்தல் வந்ததும் கட்டடத்துக்கு நல்ல விலை தரும் ஆளைத் தேடி ஓடவேண்டியவர்கள் ஈடில்லாத கடன்காரர்கள். கைமாற்றுக் கொடுத்த மைத்துனரும் அவர்களில் ஒருவர்.