இலை வாடும் முன் என்ன தெரியும்?

மக்காச்சோள வயலில் முளைத்துவிட்ட களைகள் மேல் அட்ரசின் தெளித்தால், மறுநாள் போய்ப் பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். எல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்கும். இலை மஞ்சளாகிக் கருகச் சில நாட்கள் பிடிக்கும். ஆனால் அந்த இலைக்குள் ஒளிச்சேர்க்கை சில மணி நேரத்திலேயே முடங்கியிருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது, இலையே வெளியிடும் மங்கலான சிவப்பு ஒளி.

பச்சையம் உறிஞ்சும் ஒளிக்கு மூன்றே வழிகள்தாம் உண்டு. பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்குப் போகும். ஒரு பகுதி வெப்பமாக வெளியேறும். நூற்றில் ஓரிரு பங்கு மட்டும் சிவப்பு ஒளியாகத் திரும்பி வரும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. முதல் வழி அடைபட்டால் மற்ற இரண்டும் பெருகியாக வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வுமுறையின் அடிப்படை.

1931இல் ஜெர்மனியில் கௌட்ஸ்கியும் ஹிர்ஷும் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். இருட்டில் வைத்திருந்த இலைமேல் திடீரென்று வெளிச்சம் பட்டதும் சிவப்பு ஒளி சட்டென்று ஏறி, பிறகு சில நிமிடங்களில் படிப்படியாக இறங்கியது. ஒளிச்சேர்க்கை விழித்துக்கொண்டு வேலையை எடுத்துக்கொள்வதால் வரும் இறக்கம் அது. அட்ரசினோ டையூரானோ பட்ட இலையில் அந்த இறக்கம் வராது. எலக்ட்ரான் போகும் பாதை அடைபட்டிருப்பதால், ஏறிய ஒளி ஏறியபடியே நிற்கும்.

இன்று ஆய்வு மாணவர் கையில் இருப்பது ஃப்ளோரோமீட்டர். முதலில் இலையில் ஒரு சிறு கிளிப்பை மாட்டி, அதன் மூடியைச் சாத்தி 20 முதல் 30 நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு கருவி மிக மெல்லிய ஒளியைக் காட்டி, இலை தரும் மிகக் குறைந்த ஒளிர்வை அளக்கும், இது F0. அடுத்து ஏறத்தாழ ஒரு வினாடிக்குக் கண்ணைக் கூசும் வெளிச்சம். அப்போது ஒளிச்சேர்க்கை மையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பிவிடுவதால் ஒளிர்வு உச்சத்தைத் தொடும், அது Fm. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் Fv.

F0 300, Fm 1800 என்று வைத்துக்கொள்வோம். Fv 1500. அதை 1800ஆல் வகுத்தால் Fv/Fm 0.83. நலமான இலைகளில், செடி எதுவானாலும், பெரும்பாலும் இதையொட்டிய எண்தான் வரும். பியோர்க்மனும் டெமிக்கும் 1987இல் பல தாவர இனங்களை அளந்து இதைக் காட்டினார்கள். அதே இலையைக் கடும் வெயிலும் குளிரும் சேர்ந்து தாக்கிய பின் F0 400, Fm 1300 என்று வந்தால் விடை 0.69. இலை அப்போதும் பச்சையாகவே இருக்கலாம். ஆனால் ஒளிச்சேர்க்கை மையங்களில் ஒரு பகுதி பழுதாகியிருக்கும்.

அல்லது பழுதாகாமலும் இருக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நண்பகல் வெயிலில் நிற்கும் இலை, தன்னைக் காத்துக்கொள்ளவே மிகுதியான ஒளியை வெப்பமாக வெளியே தள்ளும். அந்தத் தற்காப்பு முழுவதும் அரை மணி இருட்டில் தளர்ந்துவிடாது; அதனால் எண் குறைந்தே காட்டும். பிரித்தறிய எளிய வழி, அதே இலையை மறுநாள் விடியுமுன் மறுபடி அளப்பது. எண் பழைய நிலைக்கு வந்திருந்தால் பகலில் கண்டது தற்காப்பு. விடியலிலும் குறைவாகவே இருந்தால் சேதத்தைச் சந்தேகிக்கலாம். கிளிப்பின் விளிம்பில் வெளிச்சம் கசிந்தாலும் தவறான எண்தான் வரும். ஒரு நாள் இளந்தளிரையும் மறுநாள் முற்றிய இலையையும் அளந்து ஒப்பிட்டாலும் அதே கதைதான்.

இதைவிடப் பெரிய பொறி வறட்சி. தண்ணீர் குறைந்ததும் செடி முதலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. உள்ளே வரும் கரியமில வாயு குறைகிறது, வளர்ச்சி தளர்கிறது. ஆனால் ஒளியைப் பிடிக்கும் இயந்திரம் பழுதாகவில்லை. அதனால் Fv/Fm நெடுநேரம் 0.8ஐ ஒட்டியே நிற்கும். சில செடிகளில் இலை துவண்டு தொங்கும்போதுகூட அது அசையாது. அந்த எண்ணை மட்டும் நம்பி, "இந்த ரகம் வறட்சியைத் தாங்கும்" என்று எழுதிவிடுவது ஆபத்து.

அங்கே உதவுவது வெளிச்சத்திலேயே அளப்பது. இருட்டில் வைக்காமல், வெயிலில் வேலை செய்துகொண்டிருக்கும் இலையின் ஒளிர்வு 400, உச்ச ஒளிர்வு 900 என்றால், வித்தியாசமான 500ஐ 900ஆல் வகுக்க 0.56. தண்ணீர் குறைந்த செடியில் அந்த உச்சம் 600ஆக இறங்கினால் விடை 0.33. உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு வேலைக்குப் போகிறது என்பதை இந்த எண் சொல்கிறது. ஆனால் அளக்கும் நேரத்து வெயிலுக்கு ஏற்ப இதுவும் மாறும். ஆகவே ஒப்பிடும் இரு செடிகள்மேலும் ஒரே அளவு ஒளி விழ வேண்டும்.

எந்த எண்ணும் காரணத்தைச் சொல்லாது. வெயிலா, குளிரா, களைக்கொல்லியா என்பதை ஒளிர்வை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எனவே வறட்சி ஆய்வில் இறங்கும் மாணவர், நன்கு நீர் பாய்ச்சிய செடி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து, இலைத்துளைத் திறப்பையும் இலையின் நீரளவையும் சேர்த்தே அளக்கட்டும்.